முளைப்பாரி வீட்டில் ஒரு துளை

பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் தெருக்களில் அம்மன் கோயில் கொடை பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். கூடவே ஏதாவது ஒரு வீடு முளைப்பாரி வீடாக மாறும். ஜன்னலுக்குச் சாக்கு, கதவுக்குப் போர்வை. உள்ளே சட்டிகளில் மண்ணும் தூளாக்கிய எருவும் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று முத்து பரப்புவார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து வெளியே எடுக்கும்போது, முழங்கை உயரத்துக்கு வெளிர் மஞ்சளாக, ஒன்றுபோல நேராக நிற்கும் பயிர். பச்சை இல்லை, சாய்வு இல்லை.

இருட்டில் ஏன் வளர்க்கிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். செடியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பதில் எளிது. ஒளி கிடைக்காத நாற்று, மண்ணுக்கு அடியிலேயே இன்னும் இருப்பதுபோல நடந்துகொள்ளும். இலை விரிக்காது, பச்சையம் சேர்க்காது, விதையில் இருக்கும் சேமிப்பை எல்லாம் உயரத்துக்கே செலவழிக்கும். அதனால்தான் பாரி அத்தனை உயரம். அது நேராக நிற்பதற்குக் காரணம் வேறு. ஒரு பக்கத்துச் சாக்கு விலகி விரல் அளவுக்கு ஒளி வந்துவிட்டால், சட்டியில் உள்ள பயிர் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பது பாரி வளர்க்கிற பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த இடுக்கை அடைப்பதுதான் அவர்கள் வேலை. நாம் இந்தக் கட்டுரையில் அதை வேண்டுமென்றே திறந்து வைக்கப்போகிறோம்.

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் செய்தது ஏறத்தாழ இதைத்தான். 1880இல் அவர்கள் வெளியிட்ட, தாவர அசைவுகள் பற்றிய நூலில் இந்தச் சோதனைகள் இருக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு புல்லின் நாற்று. புல்லினத்து விதை முளைக்கும்போது முதல் இலையை ஒரு மெல்லிய குழாய் மூடிக்கொண்டு மேலே வரும். பள்ளிப் பாடத்தில் அதை முளைக்குருத்து உறை என்பார்கள். நம் பாரிச் சட்டியில் பயறுகளுக்கு இடையே ஊசிபோல நிற்கிற சோளமும் கம்பும் அந்த உறையோடுதான் வருகின்றன. இந்தச் சோதனைக்கு இவற்றைவிட மக்காச்சோளம் இன்னும் வசதி. உறை பருமனாக இருப்பதால் கையாள எளிது.

மக்காச்சோளத்தை ஒரு இரவு ஊறவைத்து, ஈரப் பஞ்சின் மேல் பரப்பி, முழு இருட்டில் வையுங்கள். பஞ்சுக்கும் துணிக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. ராஜபாளையம் நூற்பாலை ஊர், பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு நாளில் உறை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் வந்திருக்கும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. இன்னொரு நாள் போனால் உள்ளே இருக்கும் இலை உறையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்; அதற்குப் பிறகு சோதனை பலிக்காது. பஞ்சு சொதசொதவென்று இருந்தால் அதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்து நாறும். பிழிந்த துணியின் ஈரம் போதும்.

ஒரு செருப்புப் பெட்டியின் உட்புறம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டி, நாற்றின் உயரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டர் துளை போடுங்கள். இப்போது நாற்றுகளை நான்கு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். முதல் கூட்டத்தை அப்படியே விடுங்கள். இரண்டாவது கூட்டத்தின் நுனிக்குத் தொப்பி போட வேண்டும். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளில் சிறு துண்டை ஈர்க்குச்சியில் சுற்றி உருவி, மேல்பக்கம் மடித்துவிட்டால் அரை சென்டிமீட்டர் தொப்பி கிடைக்கும். மூன்றாவது கூட்டத்துக்கும் அதே அளவில் தொப்பி, ஆனால் நிறமற்ற பாலிதீன் தாளில். நான்காவது கூட்டத்துக்கு நுனியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே அலுமினியத் தாளைத் தளர்வான சட்டைபோலச் சுற்றுங்கள். இந்த வேலையை எல்லாம் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் செய்வது நல்லது. காரணம் பின்னால் வரும்.

பெட்டியை மூடித் துளையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தொப்பி இல்லாதவை துளையை நோக்கி வளைந்திருக்கும். பாலிதீன் தொப்பி போட்டவையும் வளைந்திருக்கும். அடிப்பகுதி மூடியவையும் வளைந்திருக்கும். அலுமினியத் தொப்பி போட்டவை மட்டும் நேராக நிற்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றிரண்டு நாற்று சொன்ன பேச்சைக் கேட்காது; அதனால் ஒரு கூட்டத்துக்குப் பத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். பாலிதீன் தொப்பியைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. தொப்பியின் பாரம்தான் நாற்றை வளையவிடவில்லை என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்தைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும்.

ஒளியை உணர்வது நுனி. வளைவதோ நுனிக்குக் கீழே உள்ள பகுதி. எனவே நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்கிப் போக வேண்டும். டார்வின் நின்றது இந்த இடத்தில். அது என்ன என்று அவருக்குத் தெரியாது.

வளைவு எப்படி நடக்கிறது என்பதை மார்க்கர் பேனாவே காட்டிவிடும். சோதனைக்கு முன் உறையின் இரண்டு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி வையுங்கள். வளைந்த பிறகு பார்த்தால், ஒளி படாத பக்கத்துப் புள்ளிகள் அதிகம் விலகியிருக்கும். ஒளிப் பக்கத்துப் புள்ளிகள் அவ்வளவு விலகியிரா. மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் உருண்டால் வண்டி மெதுவான பக்கம் திரும்புவதைப் போல, நாற்றும் குறைவாக வளர்ந்த பக்கம் திரும்புகிறது. செடி ஒளியைத் தேடிப் போகிறது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. நிழல் பக்கம் கூடுதலாக நீள்கிறது என்பதுதான் நடப்பது. அது வளர்ச்சி என்பதால், பெட்டியைத் திறந்து வைத்தாலும் வளைவு தானாகக் கலையாது. மறுபக்கம் வளர்ந்துதான் நிமிர முடியும். தொட்டாற்சிணுங்கியின் இலை மூடித் திறப்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அது செல்களில் நீர் ஏறி இறங்குவதால் வருவது. எந்தப் பக்கம் தொட்டாலும் ஒரே மாதிரிதான் மூடும்.

நுனியிலிருந்து இறங்குவது ஒரு வேதிப்பொருள் என்று காட்ட அரை நூற்றாண்டு ஆனது. டென்மார்க்கின் பாய்சன் யென்சன் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் வைத்து மறுபடி பொருத்தினார், நாற்று வளைந்தது. ஜெலட்டின் வழியே அது ஊடுருவிப் போகிறது. ஒளி படாத பக்கத்தில் மைக்காத் தகடு செருகித் தடுத்தபோது வளையவில்லை. பிறகு ஹங்கேரியைச் சேர்ந்த பால் என்பவர், முழு இருட்டிலேயே வெட்டிய நுனியை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தார். நுனி உட்கார்ந்த பக்கம் அதிகம் வளர்ந்து, நாற்று எதிர்ப்பக்கம் வளைந்தது. ஒளியே இல்லாமல் வளைவு. 1926இல் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட், நுனியையும் விலக்கிவிட்டார். ஓட்ஸ் நாற்றின் நுனிகளை அகார் கூழின் மேல் சில மணி நேரம் வைத்து எடுத்து, அந்தக் கூழின் சிறு துண்டை வெட்டுண்ட நாற்றின் ஓரத்தில் வைத்தார். நாற்று வளைந்தது. கூழில் எத்தனை நுனிகளை வைத்தாரோ அதற்கேற்ப வளைவின் கோணமும், ஒரு எல்லை வரை, கூடியது. கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கோணமானியால் அளக்க வழி கிடைத்துவிட்டது. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் சோதனை இதுதான். அந்தப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர். இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற அதன் வேதி அடையாளம் 1934இல் உறுதியானது. அதைப் பிரித்தெடுத்தது எந்தச் செடியிலிருந்தும் அல்ல, மனிதச் சிறுநீரிலிருந்து. நாற்று நுனியில் இருப்பது அவ்வளவு சொற்பம்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கைடுகளில் அது இன்னும் உலவுகிறது. ஒளி படும் பக்கத்தில் ஆக்சின் அழிந்துவிடுகிறது, அதனால் அந்தப் பக்கம் வளர்வதில்லை என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1957இல் வின்ஸ்லோ பிரிக்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் இதை நம் மக்காச்சோள உறையிலேயே சோதித்தார்கள். இருட்டில் வைத்த நுனியிலிருந்தும் ஒரு பக்கம் ஒளி பட்ட நுனியிலிருந்தும் கூழுக்குள் இறங்கிய ஆக்சின் ஏறக்குறைய சமமாக இருந்தது. அழிவு ஒன்றும் இல்லை. பிறகு நுனியை நெடுக்காகப் பிளந்து நடுவில் மெல்லிய கண்ணாடித் தகட்டை முழுக்கச் செருகினார்கள். ஒளிப் பக்கமும் நிழல் பக்கமும் சமமாகவே ஆக்சின் தந்தன. தகட்டை உச்சி வரை கொண்டுபோகாமல், மேலே கொஞ்சம் திசுவை இணைந்தபடி விட்டபோதுதான் நிழல் பக்கத்தில் ஏறத்தாழ இருமடங்கு சேர்ந்தது. அந்த உச்சியில், ஒரு சில மில்லிமீட்டருக்குள், ஆக்சின் ஒளிப் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்குக் கடந்து போகிறது. இருக்கும் சரக்கு அதேதான். பங்கீடு மட்டும் மாறுகிறது.

கடந்துபோன ஆக்சின் நிழல் பக்கத்துச் செல்களில் என்ன செய்கிறது? செல்லின் சுவருக்குள் அமிலம் சுரக்க வைக்கிறது. அமிலத்தில் சுவரின் கட்டுகள் தளரும். உள்ளே இருக்கும் நீரின் அழுத்தம் தளர்ந்த சுவரை நீட்டிவிடும். செல்களின் எண்ணிக்கை கூட வேண்டியதில்லை, இருப்பவை நீண்டால் போதும். அதனால்தான் ஒரு பிற்பகலுக்குள் வளைவைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

ஒளியை எதைக் கொண்டு உணர்கிறது என்பதற்குப் பெட்டித் துளையில் நிறத்தாள் ஒட்டிப் பார்க்கலாம். நீலத் தாள் ஒட்டிய பெட்டியில் நாற்று வளையும். சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிய பெட்டியில் அநேகமாக நேராகவே நிற்கும். இந்த வேலைக்கான உணர்வி, நீல ஒளியை மட்டும் வாங்கும் ஒரு புரதம். ஃபோட்டோட்ரோபின் என்று பெயர். 1990களில் அதை அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர் அதே பிரிக்ஸ், நாற்பது ஆண்டு கழித்து. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டச் சொன்னது இதனால்தான். இருட்டிலேயே வளர்ந்த நாற்றுக்கு நீல ஒளி மிகக் கொஞ்சம் பட்டாலும் போதும், வளைந்துவிடும். முளைப்பாரி வீட்டில் விரல் அளவு இடுக்குக்கு அத்தனை சக்தி வருவது இந்தக் கூச்சத்தால்.

ஒரு எச்சரிக்கை. இதே தொப்பிச் சோதனையைப் பாசிப்பயறிலோ தட்டைப்பயறிலோ செய்தால் இவ்வளவு தெளிவாக வராது. அவற்றில் நுனிக்குக் கீழே தண்டும் தானே ஒளியை உணரும். நுனி பார்க்கும், கீழே வளையும் என்ற கறாரான பிரிவினை புல்லினத்து நாற்றுக்கே உரியது.

இனி முழு இருட்டுக்கு வருவோம். துளையே இல்லாத பாரிச் சட்டியில் பயிர் எதைப் பார்த்து நேராக நிற்கிறது? செண்பகத்தோப்புக்குப் போகிறவர்கள் மலைச் சரிவைக் கவனித்தால் பதில் அங்கே நிற்கும். தரை எவ்வளவு சரிந்திருந்தாலும் மரங்கள் தரைக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. பூமியின் ஈர்ப்புக்கு நேர் எதிராக, வானம் பார்த்து நிற்கின்றன. வேரில் இதைப் பார்ப்பது சுலபம். ஒரு கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டிப் பேண்டேஜ் துணியைச் சுற்றி, நடுவில் பஞ்சு அடைத்து நனையுங்கள். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே ஊறிய மக்காச்சோளத்தைச் செருகிக் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள். விதையை எந்த வாக்கில் செருகினாலும் வேர் கீழேதான் வரும். வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் டம்ளரைப் படுக்க வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் நுனிக்குச் சற்றுப் பின்னால் வேர் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கும். தண்டு மேல்நோக்கித் திரும்பும்.

கறுப்புத் துணி எதற்கு என்றால், ஒளி பட்டால் வேர் அதிலிருந்து விலகிப் போகும் இயல்புள்ளது. அது நடந்ததா, ஈர்ப்பு இழுத்ததா என்று பிறகு பிரிக்க முடியாது. துணியின் ஈரமும் எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். டம்ளரைப் படுக்க வைத்ததும் தண்ணீர் அடிப்பக்கம் தேங்கினால், வேர் போனது தண்ணீருக்காகவா என்ற கேள்வி வரும். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் படுக்க வையுங்கள்.

வேர் எங்கே உணர்கிறது என்பதை ஒரு பிளேடு சொல்லிவிடும். நுனியில் ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை, சீவிவிட்டு டம்ளரைப் படுக்க வையுங்கள். வேர் வளர்ந்துகொண்டே போகும், ஆனால் கிடைமட்டமாகவே போகும். கீழே எது என்று அதற்குத் தெரியாது. சீவிய அந்த நுனி, அதாவது வேர் மூடி, மறுபடி முளைத்த பிறகு, ஏறக்குறைய ஒன்றரை நாள் கழித்து, மீண்டும் கீழே திரும்பும். அந்த வேர் மூடியின் நடுச் செல்களில் கனமான ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. டம்ளரைச் சாய்த்த சில நிமிடங்களில் அவை செல்லின் புதிய அடிப்பக்கத்துக்கு உருண்டு சேர்கின்றன. அவை சேர்ந்த பக்கத்தை நோக்கி, செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் ஆக்சினைத் திருப்பி விடுகின்றன. தண்டிலும் அதே ஏற்பாடுதான். மணிகள் இருக்கும் இடம் மட்டும் வேறு.

படுக்க வைத்த நாற்றில் தண்டு, வேர் இரண்டிலுமே ஆக்சின் கீழ்ப்பக்கம் கூடுகிறது. பொருளும் ஒன்று, சேரும் பக்கமும் ஒன்று. பிறகு ஏன் ஒன்று மேலே, ஒன்று கீழே? தண்டை நீட்டுகிற அளவு ஆக்சின் வேருக்கு அதிகம். வேரின் கீழ்ப்பக்க வளர்ச்சியை அது அடக்கிவிடுகிறது. மேல்பக்கம் வளர, வேர் கீழே மடங்குகிறது. மிகக் குறைந்த அளவில்தான் வேருக்கு அது ஊக்கம். எல்லாம் அளவுதான் என்ற இந்தச் செய்தி, சோதனைப் பெட்டியை விட்டு வெளியே வந்தால் நம் பருத்திக் காட்டில் காசாக மாறுகிறது, நஷ்டமாகவும் மாறுகிறது.

பருத்தியில் சப்பையும் இளங்காயும் உதிராமல் இருக்க விவசாயிகள் தெளிக்கும் பிளானோபிக்ஸ் ஒரு செயற்கை ஆக்சின்தான். நாப்தலின் அசிட்டிக் அமிலம், சுருக்கமாக என்.ஏ.ஏ. பருத்திக்குப் பரிந்துரை லிட்டருக்கு 40 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 4.5 சதவீத மருந்தில் 10 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய 9 மில்லி. ஒரு மூடி சேர்த்து ஊற்றினால் காய் கூடுதலாக நிற்கும் என்று நினைப்பது தவறு. வேரில் பார்த்த கணக்கு இங்கேயும் உண்டு. அளவு மீறினால் அதே பொருள் உதிர்வை உண்டாக்கும்.

மறுமுனையில் நிற்பது 2,4-டி. 1940களில் களைக்கொல்லியாக வந்த இதுவும் ஆக்சினைப் போலவே நடிக்கும் பொருள். தன் சொந்த ஆக்சினைச் செடி வேலை முடிந்ததும் உடைத்துவிடும்; இதை அகன்ற இலைச் செடிகளால் அவ்வளவு விரைவில் உடைக்க முடியாது. தண்டு திருகி, இலைக்காம்பு முறுக்கிச் செடி தாறுமாறாக வளர்ந்தே சாகும். மக்காச்சோளம், நெல் போன்ற புல்லினம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மக்காச்சோளக் காட்டில் அகன்ற இலைக் களைக்கு இதை அடிக்கிறார்கள். பக்கத்துக் காட்டில் பருத்தி இருந்தால்தான் வினை. பயிர்களிலேயே 2,4-டிக்கு மிகவும் கூசுவது பருத்தி. காற்றில் வந்த சாரலே போதும். இலை அகலம் சுருங்கி, நரம்புகள் ஒன்றையொன்று நெருங்கி, வெண்டை இலைபோல விரல் விரலாக நீண்டு வரும். நோய் என்றோ பேன் என்றோ நினைத்து வேறு மருந்து அடிப்பவர்கள் உண்டு. பார்த்துப் பிரிக்க வழி இருக்கிறது. மருந்து பட்ட பிறகு துளிர்த்த இலைகளில்தான் கோளாறு தெரியும்; முன்பே முற்றிய அடி இலைகள் வழக்கம்போல இருக்கும். வயலில் சேதம் காற்று வந்த ஓரத்தில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

ஓரத்தில் தொடங்காமல் வயல் முழுக்கச் சீராக இலை திருகியிருந்தால், டேங்கைச் சந்தேகப்படுங்கள். 2,4-டி அடித்த டேங்கை வெறும் தண்ணீரில் அலசினால் குழாயிலும் வாஷரிலும் ஒட்டியிருக்கும் மிச்சம் போகாது. அதே டேங்கில் பருத்திக்குப் பூச்சிமருந்து கலந்து அடித்தால் அந்த மிச்சமே காட்டைக் கெடுத்துவிடும். களைக்கொல்லிக்கு ஒரு டேங்க், பருத்திக்கு வேறு டேங்க் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பதானால், கடைசியாக அதில் என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.